பாட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

அப்பா இறந்த அன்று அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா? வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்த முதல் நாளே இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர் கேட்கவில்லை. வாங்கிச் சரிபார்த்தவரும் கேட்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளில், கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது, அதிலும் இல்லை. இறந்தவர் பெயர், இறந்த தேதி, முகவரி, மனைவி, மக்கள், வயது, உறவுமுறை என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் எழுதினோம். அம்மா, அக்கா, நான் என்று மூன்று பெயர். ரேஷன் கார்டிலும் அந்த மூன்று பெயர்தான் அப்பாவோடு இருந்தன. அக்கா கல்யாணமாகிப் போனபோது அவள் பெயரை நீக்கியிருந்தார்கள். ஆனால் பழைய கார்டின் நகல் எங்களிடம் இருந்தது.

பாட்டி பாகூரில் சித்தப்பா வீட்டில் இருந்தார். அவர் பெயர் சித்தப்பா கார்டில். எங்கள் வீட்டுக் காகிதம் எதிலும் பாட்டி இல்லை. ஆனால் சட்டத்தில் இருக்கிறார், அதுவும் முதல் வரிசையில். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணுக்கு யார் யார் வாரிசு என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. அதன் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சமமாக இறந்தவரின் தாய் நிற்கிறார். தகப்பன் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுகிறார், தாய் முதல் வகுப்பில் இருக்கிறார். மகன் அநாதரவாக விட்டுப்போன தாய்க்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று நினைத்து எழுதியவர்களை நான் கும்பிடுகிறேன். என் ஆதங்கம் சட்டத்தின் மேல் இல்லை. இவ்வளவு முக்கியமான ஒருவரைக் கேட்காமல் விட்ட படிவத்தின் மேல்.

எங்கள் ஊர் நோணாங்குப்பம். கடலூர் சாலையில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தை ஒட்டிய ஊர். படகுக் குழாமுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த இடம். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையும் அதில் கட்டிய வீடும், கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வைப்புத் தொகை, வங்கியில் சேமிப்புக் கணக்கு, ஒரு பைக், தன் பெயரில் கரண்ட் மீட்டர். இவ்வளவுதான் விட்டுப்போனவை. வங்கிக் கணக்கில் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தார். இறப்புச் சான்றையும் அம்மாவின் ஆதாரையும் காட்டியதும் பணம் வந்துவிட்டது. நாமினி இருக்கும் கணக்குக்கு வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. அந்தப் பணம் நாமினிக்கே சொந்தமாகிவிடுவதில்லை, வாங்கி எல்லா வாரிசுகளுக்கும் உரியதாக வைத்திருக்கிறார் என்பதுதான் சட்ட நிலை. ஆனால் கைக்கு வருவதற்கு அலைச்சல் இல்லை. வைப்புத் தொகையில் நாமினி எழுதவில்லை. வீட்டுக்கு நாமினி என்று ஒன்றும் கிடையாது. ஆக, பட்டாவில் பெயர் மாற்றுவதற்கும் வைப்புத் தொகையைக் கேட்பதற்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள்.

முதல் இடறல் இறப்புச் சான்றிலேயே வந்தது. நோணாங்குப்பம் அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஊர்க்காரர் இறந்தால் ஊர்ப் பஞ்சாயத்தில்தான் பதிவு இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில் பதிவாகும், குடியிருந்த இடத்தில் அல்ல. அப்பா கண்ணை மூடியது ஆஸ்பத்திரியில். அந்த ஆஸ்பத்திரி எந்த நகராட்சி எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் பதிவு. புதுச்சேரியில் இது அடிக்கடி குழப்பும். ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. அரசு பொது மருத்துவமனை நகரத்துக்குள் இருக்கிறது. வீட்டில் இறந்தால் அரியாங்குப்பம். ஒரே ஊர்க்காரர்கள் மூன்று பேர் மூன்று இடத்தில் இறந்தால் மூன்று பதிவேட்டில் தேட வேண்டும். இதை ஆஸ்பத்திரியில் உடலை ஒப்படைக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் இறந்தால் குடும்பத்தார் போய்ச் சொல்ல வேண்டும். காரியம், கருமாதி என்று 16 நாள் ஓடிவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது சில நாள்தான். முப்பது நாள் தாண்டினால் சுயசான்றொப்பமிட்ட ஆவணமும் அதிகாரியின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போக வேண்டும். தாத்தா, பாட்டி வீட்டில் இறந்து யாரும் பதியாமல் விட்ட குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது அந்த உத்தரவுக்காக அலைகிறார்கள்.

பதிவு கிடைத்தது. அதில் அப்பாவின் பெயர் இனிஷியல் இல்லாமல் இருந்தது. அவசரத்தில் ஆட்டோவில் கொண்டுபோனபோது, சேர்க்கைச் சீட்டில் கூட வந்த பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன பெயர் அது. சீட்டில் எழுதிய பெயரே கேஸ் ஷீட்டுக்கும், அங்கிருந்து இறப்புப் பதிவேட்டுக்கும் போய்விட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் மனிதரை ஏற்றிக்கொண்டு போகிறவர் ஆதார் அட்டையைத் தேடிக்கொண்டா போவார்? பதிவேட்டில் இருக்கும் பிழையைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி திருத்தலாம். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திடுவார்கள். அதற்கு ஆதார், ரேஷன் கார்டு, வேலை செய்த இடத்துச் சான்று என்று ஒரே பெயர் காட்டும் காகிதங்கள் வேண்டும்.

அந்த ஒரே பெயர்தான் எங்கள் ஊரில் கிடைக்காது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே இங்கே பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றும் மேரியில் பதிவானவை. அப்பாவின் பிறப்புப் பதிவு பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. உதாரணத்துக்கு முருகையன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் எழுதுகிறவர் 'மு'வுக்கு எம், யூ என்று இரண்டெழுத்தில் முடித்துவிடுவார். பிரெஞ்சில் எழுதியவர் எம், ஓ, யூ என்று மூன்றெழுத்து போட்டிருப்பார், 'ரு'வுக்கும் அதே மாதிரி, கடைசியில் ஒரு ஈ-யும் சேர்த்திருப்பார். இரண்டும் ஒரே பெயர் என்று புதுச்சேரியில் பிறந்த எவருக்கும் பார்த்ததும் தெரியும். கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவருக்கு அவை இரண்டு ஆள். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆலையின் சர்வீஸ் காகிதத்தில் இன்னொன்று, பத்திரத்தில் தமிழில் தகப்பன் பெயரோடு. கடைசியில் நோட்டரியிடம் போய், இந்தப் பெயர்களெல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று பிரமாணப் பத்திரம் எழுதினோம். இந்த ஊரின் வரலாறு இந்த ஊர் அலுவலகங்களுக்குத் தெரியாதா? 1954-ல் ஆட்சி மாறியது, 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களெல்லாம் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கும் வயதில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இந்த எழுத்துக்கூட்டல் தகராறு வரத்தான் போகிறது. பழைய பதிவின் எழுத்துக்கூட்டலை ஏற்கலாம் என்று ஒரு பொது உத்தரவு போட்டால், ஒவ்வொரு விதவையும் முத்திரைத்தாள் வாங்கிக்கொண்டு நோட்டரி வாசலில் நிற்க வேண்டியதில்லை.

என்னென்ன காகிதம் கேட்கிறார்கள் என்பதைவிட எதற்காகக் கேட்கிறார்கள் என்று யாராவது சொன்னால் பாதி அலைச்சல் குறையும். இறந்தது உண்மையா என்பதற்கு இறப்புச் சான்று. இறந்தவர் இந்த எல்லையில் குடியிருந்தாரா என்பதற்கு அவருடைய ஆதாரும் ரேஷன் கார்டும். பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் உறவுதானா என்பதற்குத் தனித்தனி ஆதாரம். மனைவிக்குத் திருமணப் பதிவு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கணவர் பெயர் உள்ள அட்டைகள். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று, அல்லது அப்பா பெயர் அச்சிட்ட டி.சி., பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்.

கல்யாணமான பெண் விஷயத்தில்தான் இது தெரியாமல் தவித்துப்போவார்கள். அக்கா மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி, மாமா பெயர். அதைக் காட்டினால் அவள் இன்னார் மனைவி என்றுதான் தெரியும், இன்னார் மகள் என்று தெரியாது. அவளுடைய பள்ளிக்கூடத்து டி.சி. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் பிழைத்தோம். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவளை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்ட உறவினரும் உண்டு. அவர்களுக்கு ஒரே பதில்: மகள் என்று சட்டம் எழுதியிருக்கிறது, கல்யாணமாகாத மகள் என்று எழுதவில்லை. வாரிசு ஒருவரை மறைத்து வாங்கிய சான்றிதழை ரத்து செய்யலாம். மறைத்தவர் மேல் வழக்கும் வரும்.

நான்காவது கேள்விக்குத்தான் காகிதம் கிடையாது. இந்தப் பட்டியலில் விட்டுப்போனவர் யாராவது உண்டா? அதை விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் வி.ஏ.ஓ. தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு வாக்குமூலம் வாங்குகிறார், வருவாய் ஆய்வாளர் பார்த்துப் பரிந்துரைக்கிறார், அதன் பிறகு தாசில்தாரிடம் போகிறது. எங்கள் தெருவிலும் கேட்டார்கள். எதிர்வீட்டு ஆயா வெள்ளந்தியாகச் சொன்னார்: "அவங்க அம்மா பாகூர்ல இருக்காங்களே, பெரியவங்க, சாவுக்குக்கூட வந்து அழுதுட்டுப் போனாங்களே."

விண்ணப்பம் திரும்பி வந்தது. தாயின் பெயரைச் சேர்த்துப் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்த விசாரணை சரிதான். ஆயா சொன்னதும் சரிதான். ஆனால் விண்ணப்பம் வாங்கிய அன்றைக்குக் கேட்டிருந்தால் பாட்டியின் ஆதார் நகலை மறுநாளே கொண்டுவந்திருப்போம். பாகூர் தூரமா என்ன? பெயர்த் திருத்தம், பிரமாணப் பத்திரம், விசாரணை என்று மாதங்கள் போய்த் திரும்பி வந்த வேளையில் பாட்டி படுத்துவிட்டார். மகன் போன துக்கம் அவரை எழுப்பவே இல்லை. புதிய விண்ணப்பம் எழுதி முடிப்பதற்குள் பாட்டியும் போய்ச் சேர்ந்தார்.

இனிமேல் பாட்டி பெயர் வேண்டாமே, அவர்தான் இல்லையே என்று அம்மா கேட்டார். கேட்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வாரிசுரிமை அப்பாவின் மூச்சு நின்ற நொடியில் முடிவாகிவிடுகிறது. அந்த நொடியில் உயிரோடு இருந்தவர்கள்தான் வாரிசுகள். சான்றிதழ் என்றைக்குக் கைக்கு வருகிறது என்பது கணக்கில்லை. பாட்டி அப்பாவுக்கு முன்னால் இறந்திருந்தால் சொத்து மூன்று பங்கு: அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பாட்டி பின்னால் இறந்ததால் நான்கு பங்கு. அந்த நாலாவது பங்கு பாட்டியுடையது. அவர் இறந்ததும் அது எங்களுக்குத் திரும்பி வருவதில்லை, பாட்டியின் வாரிசுகளுக்குப் போகிறது. பாட்டிக்குப் பிறந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, சித்தப்பா, அத்தை. கால் பங்கை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. அப்பா இல்லாததால் அவருடைய பன்னிரண்டில் ஒன்றை அக்காவும் நானும் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மருமகளான அம்மாவுக்குப் பாட்டியின் பங்கில் ஒன்றும் இல்லை.

வீட்டை 24 பங்காக வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு 6, அக்காவுக்கு 7, எனக்கு 7, சித்தப்பாவுக்கு 2, அத்தைக்கு 2. அப்பாவோடு சேர்ந்து சித்தாள் வேலைபோல் செங்கல் சுமந்து அந்த வீட்டைக் கட்டிய அம்மாவுக்குப் பிள்ளைகளைவிடக் குறைவான பங்கு. இதைக் கேட்டபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை. இது அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்துக்கான கணக்கு. பூர்வீகச் சொத்தாக இருந்தால் கணக்கு வேறு. புதுச்சேரியில் ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. முன்னோர் தங்கள் ஜாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குப் போனவர்கள் அவர்கள். எங்கள் கணக்கை அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது, வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே ஒரு சான்றிதழ் இரண்டானது. அப்பாவுக்கு ஒன்று, அதில் பாட்டி பெயரும் இருக்க வேண்டும், பிறகு இறந்தார் என்ற விவரத்தோடு. பாட்டிக்கு ஒன்று, அவர் கடைசியாகக் குடியிருந்தது பாகூர் என்பதால் அது வேறு தாலுகா, வேறு வி.ஏ.ஓ., மறுபடியும் தெரு விசாரணை. பாட்டி வீட்டிலேயே இறந்ததால் சித்தப்பா 21 நாளுக்குள் பதிந்துவிட்டார். எங்கள் பாடு அவரை அந்த அளவுக்காவது உஷாராக்கியிருந்தது.

சித்தப்பா நல்லவர். "அண்ணன் வீட்ல எனக்கு எதுக்குடா பங்கு? எங்க கையெழுத்து வேணுமோ சொல்லு, வந்து போட்டுட்டுப் போறேன்" என்றார். அத்தையும் அப்படித்தான் சொன்னார். ஆனால் வாயால் சொன்னது பட்டாவில் ஏறாது. வெள்ளைத்தாளில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தாலும் மனைக்கு அது போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பத்திரம் எழுதும் கூலி, முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம். இது சித்தப்பாவும் அத்தையும் மனமொத்து வந்த வீட்டின் கதை. மனம் ஒத்துவராத வீடுகளில் இந்தப் பன்னிரண்டில் ஒன்று என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்கிறது. யாருக்கு எவ்வளவு என்று சொல்வதில்லை, சொத்து யாருடையது என்றும் தீர்ப்பதில்லை. சண்டை வந்தால் சிவில் கோர்ட்தான்.

கூட்டுறவுச் சங்கத்தில் இன்னொரு குழப்பம் காத்திருந்தது. வாரிசுச் சான்றிதழ் போதாது, கோர்ட்டில் வாங்கிய வாரிசுரிமைச் சான்று வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது வேறு. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் கொடுப்பது. இறந்தவருக்கு வரவேண்டிய பணம், பங்குப் பத்திரம் போன்றவற்றை வசூலிக்க அதிகாரம் தருவது. மனு போட்டு, நோட்டீஸ் கொடுத்து, கோர்ட் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். எங்கள் தொகைக்கு அவ்வளவு தேவையில்லை, எல்லா வாரிசும் சேர்ந்து கையெழுத்திட்ட உறுதிமொழியும் ஜாமீனும் போதும் என்று மேலாளர் பிறகு ஒப்புக்கொண்டார். எந்தத் தொகைவரை எது போதும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். வாயால் சொன்னால் அடுத்த வாரம் வேறொருவர் வேறொன்று சொல்கிறார்.

இந்த அலுவலகங்கள் கேட்ட காகிதங்களில் முக்கால்வாசி அரசாங்கமே எங்களுக்குக் கொடுத்தவை. ரேஷன் கார்டு கொடுத்தது ஒரு துறை, இறப்பைப் பதிந்தது இன்னொன்று, டி.சி. கொடுத்தது அரசுப் பள்ளிக்கூடம், பிறப்புப் பதிவு நகராட்சி பீரோவில். ஒரு துறையின் காகிதத்தை இன்னொரு துறைக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலையைப் புருஷனைப் பறிகொடுத்த பெண்ணின் தலையில் வைக்கிறார்கள். பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைக்க நாளாகும் என்றால் ஆகட்டும். படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க எவ்வளவு நாளாகும்? இறந்தவரின் தாய்: உயிருடன் உள்ளார் அல்லது இறந்தார், இறந்திருந்தால் தேதி. அதன் கீழே இன்னொரு வரி: இறந்தவருக்கு முன்பே இறந்த மகனோ மகளோ உண்டா, அவர்களுக்கு மனைவி மக்கள் உண்டா. முன்பே இறந்த மகனின் விதவையும் பிள்ளைகளும்கூட முதல் வகுப்பில்தான் இருக்கிறார்கள். அவர்களையும் இந்தப் படிவம் கேட்பதில்லை. எங்கள் தெருவிலேயே மாமனார் செத்தபோது விட்டுப்போன ஒரு மருமகள், கைக்குழந்தையோடு வந்தவள், இன்றைக்கும் தன் புருஷன் பங்கைக் கேட்டு நடந்துகொண்டிருக்கிறாள்.

அப்பாவின் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. பாட்டியுடையது இன்னும் வரவில்லை. அத்தையின் ஆதாரில் மாமா பெயர்தான் இருக்கிறது. அத்தை பள்ளிக்கூடமே போகாதவர், டி.சி. கிடையாது. பாட்டியின் மகள் என்று காட்ட, அவருடைய பிறப்புப் பதிவை பிரெஞ்சுக் காலத்து ஏட்டில் தேடச் சொல்லி விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். எந்த வருடம் பிறந்தார் என்று அத்தைக்கே சரியாகத் தெரியாது. பெரிய புயலுக்கு முந்தின வருடமா பிந்தின வருடமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.